எல்லாம் பாஸ்னு போட்டும் பக் எப்படி வெளிய போகுது? சின்ன டீமுக்கான டெஸ்ட் கேஸ் டேபிள்

கேள்வி: நாங்க மொத்தம் நாலு பேர், ரெண்டு டெவலப்பர், ஒரு டிசைனர், டெஸ்டிங் நான். ஆன்லைன் மளிகை ஆர்டர் ஆப் பண்றோம். கூகுள் ஷீட்ல ஸ்டெப்ஸ், எக்ஸ்பெக்டட், ஆக்சுவல், பாஸ்/ஃபெயில்னு காலம் போட்டு வச்சிருக்கேன். இப்ப SAVE10 கூப்பன் விட்டோம், 500 ரூபாய்க்கு மேல வாங்கினா 10% தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய். ஷீட்ல "கூப்பன் போட்டு பாக்கணும் / கூப்பன் வேலை செய்யணும் / வேலை செய்யுது / பாஸ்"னு இருக்கு, ஆனா ரிலீஸ் ஆன அன்னைக்கே கஸ்டமர் கம்ப்ளெயின்ட். டேபிள்ல என்ன மாத்தணும்?

பதில்: காலம் எல்லாம் சரியா தான் இருக்கு, அத மாத்த வேண்டாம். மாத்த வேண்டியது எக்ஸ்பெக்டட் ரிசல்ட் காலம்ல எழுதுற விதம். "கூப்பன் வேலை செய்யணும்"னு எழுதினா ஸ்கிரீன்ல எந்த நம்பர் வந்தாலும் அது வேலை செய்ற மாதிரி தான் தெரியும், ஏன்னா எந்த நம்பர் வரணும்னு நீங்க முன்னாடியே முடிவு பண்ணல. அதனால முதல் ரூல் இதுதான், ஆப்ப திறக்குறதுக்கு முன்னாடியே எக்ஸ்பெக்டட் காலம் முழுசா எழுதி முடிஞ்சிருக்கணும், அதுவும் ரூபா கணக்கோட. பேப்பர்ல இல்ல கால்குலேட்டர்ல நீங்களே போட்ட கணக்கா இருக்கணும், ஆப் காட்டுற நம்பர பாத்து அத எக்ஸ்பெக்டட்ல காப்பி பண்ணக் கூடாது. அப்படி பண்ணா ஆப்ப ஆப்போடயே ஒப்பிட்டு பாக்குறீங்க, அது எப்பவுமே பாஸ் தான் ஆகும்.

இப்படி கணக்கு போட உக்காந்தா உடனே சில கேள்வி வரும். சரியா 500 ரூபாய்க்கு வாங்கினா கூப்பன் உண்டா இல்லையா? டெலிவரி சார்ஜ் சேத்து 500-ஆ, சேக்காமலா? 470 ரூபா சாமான், 40 ரூபா டெலிவரி, மொத்தம் 510, இவருக்கு தள்ளுபடி குடுக்கணுமா? இதுக்கு பதில் உங்க கிட்டயும் இருக்காது, டெவலப்பர் கிட்டயும் இருக்காது, அவர் ஏதோ ஒன்ன மனசுல நினைச்சு கோட் எழுதியிருப்பார். ஆஃபர முடிவு பண்ணவர் கிட்ட கேட்டு அந்த பதில எக்ஸ்பெக்டட்ல எழுதுங்க. பாதி பக் இந்த இடத்துலயே மாட்டும், இன்னும் ஒரு ஸ்டெப் கூட ரன் பண்ணிருக்க மாட்டீங்க.

சரியா 500 இருந்தாலும் கூப்பன் உண்டு, டெலிவரி சார்ஜ் கணக்குல வராதுன்னு அவர் சொன்னதா வச்சுக்குவோம். இப்ப எந்தெந்த தொகைக்கு டெஸ்ட் பண்றது? 600, 700, 800னு வரிசையா போட வேண்டாம், அது எல்லாம் ஒரே வழில போற கணக்கு, ஒன்னு சரின்னா மத்ததும் அநேகமா சரி. தப்பு வர்றது எல்லைல தான். கோட்ல `>=` போட வேண்டிய இடத்துல `>` போட்டிருந்தா 499-லயும் தெரியாது, 600-லயும் தெரியாது, சரியா 500-ல மட்டும் தான் தெரியும். இங்க ரெண்டு எல்லை இருக்கு, 500-ல கூப்பன் ஆரம்பிக்குது, 1000-ல தள்ளுபடி 100 ரூபாய தொட்டு நிக்குது. அதனால 499, 500, 1000, 1010 போதும். டெஸ்ட் சர்வர்ல இதே விலைக்கு டம்மி பொருள் நாலு உருவாக்கி வச்சுக்குங்க, நிஜ அரிசி பருப்பு விலைய கூட்டி 499 கொண்டு வர முயற்சி பண்ணா அடுத்த வாரம் விலை மாறினதும் டேபிளே கெட்டுடும்.

இது கூட இன்னொரு வரி கட்டாயம் வேணும், கூப்பன் போட்ட அப்புறம் கார்ட்ட மாத்துறது. கஸ்டமர் அத தான் செய்வார், கூப்பன் போடுவார், டோட்டல பாப்பார், வேணாம்னு ஒரு பொருள எடுத்துடுவார்.

எல்லா வரிக்கும் முன்நிலை ஒன்னு தான்: புது டெஸ்ட் அக்கவுண்ட், SAVE10 இதுவரை யூஸ் ஆகல, கார்ட் காலி, டெலிவரி சார்ஜ் 0. இத தனி காலமா வச்சா நல்லது, இங்க இடம் கருதி வெளிய எழுதிட்டேன்.

| ஐடி | ஸ்டெப்ஸ் | எக்ஸ்பெக்டட் | ஆக்சுவல் | ஸ்டேட்டஸ் |
|---|---|---|---|---|
| TC-01 | 1. ₹499 பொருள் சேர் 2. செக்அவுட் போ 3. SAVE10 அடிச்சு அப்ளை | கூப்பன் ஏறாது, குறைந்தபட்ச தொகை மெசேஜ் வரும், டோட்டல் ₹499 | மெசேஜ் வந்துது, டோட்டல் ₹499 | Pass |
| TC-02 | ₹500 பொருளோட அதே ஸ்டெப்ஸ் | தள்ளுபடி ₹50, டோட்டல் ₹450 | கூப்பன் ஏறல, குறைந்தபட்ச தொகை மெசேஜ், டோட்டல் ₹500 | Fail |
| TC-03 | ₹1000 பொருளோட அதே ஸ்டெப்ஸ் | தள்ளுபடி ₹100, டோட்டல் ₹900 | தள்ளுபடி ₹100, டோட்டல் ₹900 | Pass |
| TC-04 | ₹1010 பொருளோட அதே ஸ்டெப்ஸ் | தள்ளுபடி ₹100, டோட்டல் ₹910 | தள்ளுபடி ₹100, டோட்டல் ₹910 | Pass |
| TC-05 | 1. ₹500, ₹200 பொருள் ரெண்டும் சேர் 2. செக்அவுட்ல SAVE10 அப்ளை, டோட்டல் ₹630 வருதான்னு பாரு 3. கார்ட்டுக்கு திரும்பி ₹500 பொருள எடு 4. மறுபடி செக்அவுட் | கூப்பன் தானா நீங்கும், டோட்டல் ₹200 | கூப்பன் அப்படியே நிக்குது, தள்ளுபடி ₹70, டோட்டல் ₹130 | Fail |

TC-05-ல ஆக்சுவல் காலத்த கொஞ்சம் நிதானமா பாருங்க. அங்க "தப்பா வருது"ன்னு மட்டும் எழுதியிருந்தா டெவலப்பர் உங்கள கூப்பிட்டு என்ன வந்துதுன்னு கேப்பார், நீங்க மறுபடி செஞ்சு காட்டணும். ₹130னு எழுதினதால அவருக்கு பாதி விஷயம் புரிஞ்சிடும், 200-ல 70 போயிருக்கு, அந்த 70 பழைய 700 ரூபாய்க்கு போட்ட தள்ளுபடி, அதாவது அப்ளை பண்ணும்போது கணக்கு போட்டு சேவ் பண்ணினது கார்ட் மாறினப்ப திரும்ப கணக்கு போடப்படல. இதுவே ₹180 வந்திருந்தா கதை வேற, 10% புதுசா கணக்கு ஆகுது ஆனா 500 ரூபா கண்டிஷன மறுபடி செக் பண்ணல. ரெண்டுமே ஃபெயில் தான், ஆனா திருத்த வேண்டிய இடம் வேற வேற. ஆக்சுவல்ல கண்ணால பாத்தது மட்டும் இருக்கணும், நம்பர், மெசேஜ், எந்த ஸ்கிரீன். காரணம் இதா இருக்கும்னு உங்க யூகத்த பக் ரிப்போர்ட்ல தனியா எழுதுங்க.

பாஸ் ஆன வரிக்கும் ஆக்சுவல் எழுதணும். "எக்ஸ்பெக்டட் மாதிரியே"னு இழுத்து கீழ வரைக்கும் ஃபில் பண்றது நிறைய டீம்ல நடக்குது, அப்படி ஃபில் பண்ண ஷீட்ல எத நிஜமா ரன் பண்ணாங்க எத பண்ணலன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஸ்டேட்டஸ்ல பாஸ், ஃபெயில் ரெண்டு மட்டும் வச்சா பத்தாது. பேமென்ட் டெஸ்ட் சர்வர் படுத்துடுச்சு, அதுக்கு அப்புறம் வர்ற ஸ்டெப்ப செய்யவே முடியல, அந்த வரி ஃபெயில் இல்ல, பாஸும் இல்ல, அது `Blocked`. இன்னும் தொடாத வரி `Not Run`. இந்த நாலும் டிராப் டவுனா இருக்கட்டும், கையால டைப் பண்ண விடாதீங்க, ஷீட்ல டேட்டா வேலிடேஷன்ல போட்டா போதும். காரணம், எண்ணிக்கைக்கு ஃபார்முலா போடும்போது ஒருத்தர் `Failed`னு அடிச்சிருந்தாலோ, `Fail`க்கு பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டிருந்தாலோ அது கணக்குல வராது, ஃபெயில் இருந்தும் 0னு காட்டும். இந்த மூணு ஃபார்முலாவ ஷீட் மேல வச்சுக்குங்க, ஐடிக்கு அடுத்து முன்நிலைய தனி காலமா வச்சா E ஆக்சுவல், F ஸ்டேட்டஸ்னு எடுத்துக்கிட்டு:

```
=COUNTIF(F5:F64,"Fail")
=COUNTIF(F5:F64,"Blocked")+COUNTIF(F5:F64,"Not Run")
=COUNTIFS(F5:F64,"Pass",E5:E64,"")
```

மூணாவது தான் எனக்கு ரொம்ப புடிச்சது, ஆக்சுவல் காலியா வச்சுட்டு பாஸ் போட்ட வரிய எண்ணி சொல்லும். அது 0 ஆகாம ரிலீஸ பத்தி பேசவே பேசாதீங்க. ரெண்டாவதும் முக்கியம், ஃபெயில் 0னு மட்டும் பாத்தா கண்ணு ஏமாந்துடும், இருபது வரி ரன்னே பண்ணாம இருந்தாலும் ஃபெயில் 0 தான்.

அடிக்கடி வர்ற ஒரு சண்டை, டோட்டல் சரி, ஆனா மெசேஜ்ல எழுத்துப்பிழை, இது பாஸா ஃபெயிலா? எக்ஸ்பெக்டட்ல அந்த மெசேஜ அப்படியே எழுதியிருந்தீங்கன்னா ஃபெயில், பேச்சே இல்ல. சின்ன தப்பு தானேன்னு பாஸ் போட்டு பக்கத்துல கமென்ட் எழுதாதீங்க, அந்த கமென்ட்ட யாரும் படிக்க மாட்டாங்க. எவ்ளோ பெரிய தப்புன்னு சொல்றதுக்கு பக் ரிப்போர்ட்ல இடம் இருக்கு, அங்க சின்னதுன்னு போட்டு அதோடயே ரிலீஸ் பண்ணலாம்னு டீமா முடிவு பண்ணுங்க, தப்பே இல்ல. இந்த சண்டை அடிக்கடி வந்துதுன்னா ஒரே வரில ரெண்டு விஷயம் செக் பண்றீங்கன்னு அர்த்தம், மெசேஜுக்கு தனி வரி போடுங்க.

ஸ்டெப்ஸ் எவ்ளோ விளக்கமா எழுதணும்னா, உங்க டிசைனர் கிட்ட ஒரு வரிய குடுத்து பக்கத்துல சும்மா உக்காருங்க. உங்கள ஒரு கேள்வி கூட கேக்காம முடிச்சு, நீங்க பாத்த அதே ரிசல்ட்ட அவரும் பாத்தா அது போதும். "எந்த அக்கவுண்ட்?"னு கேட்டா முன்நிலைல ஓட்டை இருக்கு. கூப்பன் விஷயத்துல இது அடிக்கடி வரும், ஒரு ஆளுக்கு ஒரு தடவைன்னு லிமிட் இருந்தா ஏற்கனவே யூஸ் பண்ண அக்கவுண்ட்ல ரெண்டாவது தடவை எல்லாம் ஃபெயில் ஆகும், அது பக் இல்ல, டெஸ்ட் டேட்டா பிரச்சனை.

டெவலப்பர் திருத்தி புது பில்ட் குடுத்ததும் பழைய Fail-அ அழிச்சு Pass போடாதீங்க. ஒவ்வொரு பில்டுக்கும் டேப்ப டூப்ளிகேட் பண்ணி, பில்ட் நம்பரயே டேப் பேரா வச்சு, ஆக்சுவல காலி பண்ணிட்டு ஸ்டேட்டஸ எல்லாம் Not Run ஆக்கி ஆரம்பிங்க. எந்த பில்ட்ல உடைஞ்சுது, எதுல சரியாச்சுன்னு அப்ப தான் தெரியும், அதே பக் மூணு பில்ட் கழிச்சு திரும்ப வந்தா அதுவும் தெரியும். நாலு பேர் டீம்ல ஒவ்வொரு தடவையும் அறுபது வரியும் ஓட்ட நேரம் இருக்காது, அதனால ஃபெயில் ஆன வரி, அதே ஃபீச்சரோட மத்த வரி, அப்புறம் லாகின், கார்ட், பேமென்ட்னு ஆப் உயிர் இருக்கான்னு பாக்குற அஞ்சாறு வரி, இவ்ளோ ஓட்டுங்க. மத்தது Not Run-னே இருக்கட்டும், அத மறைக்காதீங்க. TC-02 திருத்தினப்ப TC-01 உடைய நல்ல வாய்ப்பு இருக்கு, ரெண்டும் கோட்ல ஒரே லைன், அத விட்டுடாதீங்க.

கடைசியா, டேபிள்ல எழுதினத மட்டும் தான் டேபிள் புடிக்கும். நெட் கட் ஆகும்போது அப்ளை அழுத்தினா என்ன, ரெண்டு ஃபோன்ல ஒரே அக்கவுண்ட்ல ஒரே நேரத்துல கூப்பன் போட்டா என்னன்னு டேபிள்ல இல்லாதத தேடி ஒரு அரை மணி நேரம் சும்மா நோண்டுறதுக்கு ஒவ்வொரு பில்ட்லயும் ஒதுக்குங்க. அதுல மாட்டுற ஒவ்வொரு பக்குக்கும், கஸ்டமர் கம்ப்ளெயின்ட்ல வந்ததுக்கும் சேத்து, அன்னைக்கே ஒரு புது வரி எழுதி அடுத்த ஐடிய குடுத்துடுங்க.