புரோட்டோகால் பிபிடியிலிருந்து தகவல் தாளும் ஒப்புதல் படிவமும்

கேள்வி: எம்.டி. மகப்பேறு படிக்கிறேன். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ஊசி நல்லதா, மாத்திரை நல்லதா என்று ஒப்பிடுவது என் தீசிஸ். புரோட்டோகால் பிபிடி ரெடி. எத்திக்ஸ் கமிட்டி தமிழில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் கேட்கிறது. பிபிடியை வைத்தே எழுதிவிட முடியுமா?

பதில்:

முடியும், ஆனால் ஸ்லைடு வரிசையில் தமிழாக்கக் கூடாது. ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில் நான் பொது உறுப்பினர், மருத்துவம் படிக்காதவன். தமிழ்த் தாளைப் படித்தால் புரிகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே எனக்கு முக்கிய வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிபிடியில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று இருக்கும். தாளில் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கப்போகிறது என்று இருக்க வேண்டும். அதனால் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் ஆய்வு இல்லாவிட்டாலும் அவருக்கு நடப்பது, மற்றதில் ஆய்வுக்காக மட்டும் நடப்பது. உங்கள் பிபிடியில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்: ஹீமோகுளோபின் 7 முதல் 9.9 வரை உள்ள கர்ப்பிணிகள். ஒரு குழுவுக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1000 மி.கி. ஊசி, மற்றக் குழுவுக்கு இரும்பு மாத்திரை. சேரும் நாளிலும் 4, 8 வாரங்களிலும் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்ப்பது. இதில் ஹீமோகுளோபின் எப்படியும் பார்ப்பார்கள், அது முதல் பத்தி. ஃபெரிட்டின் உங்கள் தீசிஸுக்காக, அது இரண்டாவது. உறை திறந்து குழு பிரிப்பதும், ஆய்வுக்கென்றே வரச் சொல்லும் நாட்களும் இரண்டாவது பத்திக்குத்தான் போகும். தாளின் உயிர் இந்த இரண்டாவது பத்தியில் இருக்கிறது. முந்தைய ஆய்வுகள், சாம்பிள் சைஸ் கணக்கு, புள்ளியியல் முறை ஸ்லைடுகளிலிருந்து ஒரே ஒரு வரி போதும்: மொத்தம் எத்தனை பெண்கள் சேர்கிறார்கள்.

பெரும்பாலான தாள்கள் சறுக்குவது குழு பிரிக்கும் இடத்தில். ஸ்லைடில் 'கணினி வழி ரேண்டமைசேஷன், மூடிய உறை முறை' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தூய தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"உங்களுக்கு ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க மாட்டார். நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது. கணினியில் முன்கூட்டியே தயாரித்த வரிசைப்படி ஒட்டிய உறைகள் இருக்கும். உங்கள் முறை வரும்போது அடுத்த உறையைத் திறப்போம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. இரண்டில் எது வரவும் சம வாய்ப்பு உண்டு. இரண்டும் ரத்தசோகைக்குத் தரப்படும் மருந்துகள். உங்களைப் போன்ற கர்ப்பிணிகளுக்கு எது கூடுதல் பலன் தருகிறது என்று தெரிந்துகொள்ளவே இந்த ஆய்வு."

நீளம்தான், ஆனால் இதைச் சுருக்கினால் 'டாக்டர் என்னைப் பார்த்து எனக்கு ஏற்றதைத் தருகிறார்' என்றுதான் அவர் நினைப்பார். அந்த நினைப்போடு போடும் கையெழுத்து செல்லுமா என்பதுதான் கமிட்டியில் எங்கள் முதல் கேள்வி.

அடுத்தது, 'சேராவிட்டால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது' என்ற வரி. எல்லாத் தாளிலும் இருக்கிறது, ஆனால் சேராதவருக்கு என்ன கிடைக்கும் என்று அடுத்த வரியில் சொல்பவர்கள் குறைவு. உங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கமாக மாத்திரை தருவீர்களா, தேவைப்பட்டால் ஊசியும் போடுவீர்களா, அதற்குக் காசு உண்டா என்று எழுதுங்கள். ஆய்வில் சேர்ந்தால்தான் ஊசி கிடைக்கும் என்று நம்பிச் சேர்பவர் தானாக முன்வந்து சேரவில்லை.

பக்க விளைவுக்கு 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்து, ஆபத்தில்லை' என்று எழுதாதீர்கள். ஊசிக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்தில் பழுப்புக் கறை விழும், நெடுநாள் போகாது. மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும். அதனால்தான் போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கிறோம் என்று காரணத்தையும் சேர்த்துவிடுங்கள். மாத்திரைக்கு மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் வரலாம். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரத்தம் எடுக்கும் அளவைச் சொல்லும்போது 'ஒவ்வொரு முறையும் 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது பிபிடியில் பதில் இல்லாத கேள்விகள் கிளம்பும். ஃபெரிட்டின் டெஸ்டுக்கு யார் பணம் கட்டுவது? ஆய்வுக்காக மட்டும் வரும் நாளில் பஸ் செலவு உண்டா? மாத்திரைக் குழுவில் 4 வாரம் கழித்தும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் ஊசிக்கு மாற்றுவீர்களா? ஊசியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? 2017-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டி நெறிகள் இதையெல்லாம் கேட்கின்றன. தாளில் மட்டும் அழகாக எழுதி ஒப்பேற்ற வேண்டாம். கைடிடம் பேசி முடிவெடுத்து, முதலில் புரோட்டோகாலில் சேர்த்துவிட்டு அப்புறம் தாளுக்கு வாருங்கள். இரண்டும் வேறு வேறு சொன்னால் கமிட்டி கட்டாயம் திருப்பி அனுப்பும்.

ஒப்புதல் படிவத்துக்கு வருவோம். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019-இன் மூன்றாம் அட்டவணையில் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. பலரும் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அது கம்பெனிகள் நடத்தும் மருந்து ஆய்வை மனதில் வைத்து எழுதியது. ஸ்பான்சரும் அவர் சார்பில் வேலை செய்பவர்களும் உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்ப்பார்கள் என்று அதில் ஒரு வாக்கியம் வரும். உங்கள் தீசிஸுக்கு ஸ்பான்சரே கிடையாது. அந்த இடத்தில் உண்மையில் யார் பார்ப்பார்கள் என்று எழுதுங்கள்: நீங்கள், கைடு, எத்திக்ஸ் கமிட்டி.

வாக்கியங்களை அவரே சொல்வதுபோல், ஒன்றுக்கு ஒரு விஷயமாகப் பிரித்துப் போடுங்கள். "எனக்கு ஊசியா மாத்திரையா என்பதை உறை முடிவு செய்யும் என்று தெரியும்." "எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம் என்று தெரியும்." "விலகிய பிறகு என்னைப் பற்றிப் புதிதாக எதையும் சேகரிக்க மாட்டார்கள்." மீதி ரத்தத்தை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாகச் சம்மதம் / சம்மதமில்லை என்று இரண்டு கட்டம் வேண்டும். எண்ணமே இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 'மருத்துவமனையோ மருத்துவரோ பொறுப்பல்ல' என்று ஆபரேஷன் படிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் வரியைக் கண்டால் உடனே அடியுங்கள்; பங்கேற்பவரின் உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கும் எதுவும் ஆய்வுப் படிவத்தில் இருக்கக் கூடாது. கணவர் கையெழுத்துக்கு ஒரு கோடு போடும் பழக்கமும் உண்டு. 18 வயது முடிந்த, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்கு அவர் கையெழுத்தே போதும்.

படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். அப்போது ஒரு சாட்சி வேண்டும். அவர் ஆய்வுக் குழுவில் இல்லாதவராக, நீங்கள் விளக்கும்போது முழு நேரமும் கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வார்டில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சி ஆகாது.

கமிட்டிக்கு அனுப்புமுன் ஓ.பி.யில் காத்திருக்கும், ஆய்வில் சேராத இரண்டு மூன்று பேரிடம் தாளைப் படித்துக் காட்டுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். 'ஊசியா மாத்திரையான்னு யாரும்மா முடிவு பண்ணுவாங்க?' என்று கேளுங்கள். 'நீங்கதான் சார்' என்று பதில் வந்தால் உறைப் பத்தியை மறுபடி எழுத வேண்டும். 'நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?' என்பது அடுத்த கேள்வி.

கடைசியாக, உங்கள் போன் எண்ணோடு எத்திக்ஸ் கமிட்டி உறுப்பினர் செயலரின் எண்ணும் தாளில் இருக்கட்டும், கீழே பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். தாளும் கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதியும் அவர் கையிலேயே போக வேண்டும். புரோட்டோகாலில் பிறகு எதையாவது மாற்றினால் புதிய பதிப்பு எண்ணோடு மறுபடி கமிட்டிக்கு அனுப்பி அனுமதி வாங்கிய பிறகே பயன்படுத்துங்கள்.