சீலிங் ரிப்பேருக்கு மூணு மாசம் காலி பண்ணுங்க, முடிஞ்சதும் திரும்ப வந்துக்கலாம்னு ஹவுஸ் ஓனர் சொல்றார், நம்பிப் போகலாமா?

போகலாம், ஆனா வாய்வார்த்தைய நம்பிப் போகாதீங்க. நீங்க சென்னைல 11 மாச அக்ரிமென்ட்ல இருக்கீங்கன்னு வச்சுக்கிட்டு சொல்றேன். நான் வக்கீல் இல்ல, அதனால வக்கீலுங்க கமெண்ட்ல வந்து கிளாஸ் எடுக்க வேண்டாம்.

பழைய 1960 வாடகை சட்டத்துல ரிப்பேர்னு சொல்லி காலி பண்ண வைக்கிற ஓனர், வீடு கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள வேலையை முடிச்சு அதே ஆளுக்குத் திரும்பத் தர்றேன்னு உறுதி கொடுத்தாகணும் (டைம் நீட்டிக்கலாம், அது வேற). என் மாமனார் இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கார். அந்த சட்டம் 2019 பிப்ரவரியோட போயிடுச்சு. இப்ப இருக்கிற 2017 சட்டத்துல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு புது அக்ரிமென்ட் போட்டு, வாடகை விவகாரம் பாக்குற அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டிகிட்ட கொடுத்திருந்தாதான் திரும்ப வர்ற உரிமையே. பேப்பர் இல்லேன்னா நீங்க காலி பண்ணிட்டுப் போன ஆள், அவ்வளவுதான்.

எங்க கதை திருவான்மியூர். கடல் பக்கம், பழைய பில்டிங். ஹால் சீலிங்ல கம்பி ஓடுற லைன்லயே பழுப்புக் கோடு விழுந்துச்சு, அப்புறம் ஒரு நாள் தட்டு அளவுக்கு கான்கிரீட் பேந்து சோபா மேல விழுந்துச்சு. ஓனரம்மா கூட்டிட்டு வந்த எஞ்சினியர் சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போனார், நல்ல இடத்துல கணீர்னு கேட்டுச்சு, உள்ள விட்டுப்போன இடத்துல டொப்புனு கேட்டுச்சு, அதெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டார். பாதி சீலிங் வட்டம். உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்டைத் தள்ளுதாம். முட்டு கொடுத்து, துருப்பிடிச்ச கம்பி தெரியுற வரைக்கும் கொத்தி, துரு தேய்ச்சு, வீணாப்போன கம்பிக்குப் பக்கத்துல புதுசு கட்டி, பூசி, தண்ணி விட்டு ஊறவைக்கணும். இதுக்கு நடுவுல குடும்பம் நடத்த முடியாது, ஒத்துக்கிறேன். உங்களுக்கும் இப்படி எஞ்சினியர் எழுதின ரிப்போர்ட் காப்பி கேளுங்க. தரத் தயங்கினா ரிப்பேர் சாக்குன்னு நான் சந்தேகப்படுவேன்.

எங்க வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000. (ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கலேன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டம், மெட்ராஸ்ல யாரு கேக்குறா.) ஓனரம்மா மொத்த அட்வான்ஸையும் திருப்பித் தர்றேன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா முழுசா வாங்கி சாவியும் கொடுத்தா கணக்கு முடிஞ்ச மாதிரி ஆயிடும்னு என் வீட்டுக்காரர் அடிச்சு சொன்னார். தற்காலிக வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஒரு லட்சம் மட்டும் வாங்கிக்கிட்டோம், மீதி 80,000 அவங்ககிட்டயே இருக்கு, இது செட்டில்மென்ட் இல்லன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து.

வாடகை சாவி கொடுத்த அன்னைக்கு நின்னுடும். திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு தேதி போடல, வேலை முடிஞ்சதுன்னு எஞ்சினியர் எழுதிக் கொடுத்து, தண்ணி கரண்ட் வந்து, சாவி எங்க கைக்கு வந்த நாள்லேர்ந்துன்னு போட்டோம். அதே 18,000. சீலிங் நல்லாக்குறது ஓனர் பொறுப்பு, அதுக்கு வாடகை ஏத்தக்கூடாது. தற்காலிக வீடு 24,000. மூணு மாசம் அந்த வித்தியாசம் எங்க தலையில, அதுக்கு மேல இழுத்தா மாசம் 6,000 அவங்க தரணும். வேலை நாலரை மாசம் இழுத்துச்சு, 9,000 கொடுத்தாங்க, முகம் சுளிச்சுக்கிட்டுதான்.

முக்கியமா அந்த 11 மாசம் ரிப்பேர் நடக்கும்போதே முடிஞ்சுடுதான்னு பாருங்க, எங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு. அதனால திரும்பி வர்ற நாள்லேர்ந்து 11 மாசம்னு புதுசா போட்டு, சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடியே tenancy.tn.gov.in-ல பதிஞ்சோம். 11 மாச அக்ரிமென்டுக்குப் பதிவு வேண்டாம்னு புரோக்கர் சொல்வார், இந்த சட்டத்துல அதுவும் பதியணும்.

கிளம்புற அன்னைக்கு ஈபி மீட்டர போட்டோ எடுத்துடுங்க. கொத்துற மிஷின் உங்க லைன்லதான் ஓடும், 500 யூனிட் தாண்டினா ரேட்டே மாறிடும், அந்த பில் யாரோடதுன்னு அப்புறம் சண்டை.

ஓனர்னாலே மோசம்னு நான் சொல்லல, எங்களுக்கே ஊர்ல ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கு. உண்மையிலேயே எரிச்சல் வந்தது தற்காலிக வீடு தேடினப்பதான். மூணு மாசத்துக்கு ஒரு வீடு கேட்டா எல்லா இடத்துலயும் முதல் கேள்வி வெஜ்ஜா நான்வெஜ்ஜா. கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு மீன் சமைக்கக்கூடாதாம், புரோக்கருக்கு மட்டும் மூணு மாசத்துக்கும் முழு மாச கமிஷன் வேணுமாம்!