டிஓஐ இருந்தால் மற்ற லிங்க் எதற்கு?

“காரைக்குடியில் எம்.ஃபில். செட்டிநாட்டு வீடுகள் பற்றிய கட்டுரை ஒன்றுக்குத் துணைநூற்பட்டியலில் டிஓஐ, நூலக லிங்க், பார்த்த தேதி மூன்றும் போட்டேன். கைடு இரண்டை அடித்துவிட்டார். ஏபிஏ 7 மேற்கோள் முறை.”

உங்கள் கைடு டிஓஐயை விட்டுவைத்திருந்தால், அவர் செய்தது சரிதான். டிஓஐ என்பது கட்டுரைக்கான நிலையான அடையாள எண், அது இருந்தால் அது மட்டும் போதும். பக்க எண்களுக்குப் பிறகு, பதிவின் கடைசியில் வரும். முழு முகவரியாக இப்படி எழுதுங்கள்:

```
https://doi.org/10.xxxx/xxxxx
```

முன்னால் “டிஓஐ:” என்று போட வேண்டாம். பின்னால் முற்றுப்புள்ளியும் வேண்டாம், அது முகவரியோடு ஒட்டிக்கொண்டு லிங்க்கைக் கெடுக்கலாம்.

நூலக லிங்க்கை லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தால், படிப்பவருக்கும் அதுதான் வரும். டிஓஐ இல்லாத கட்டுரையை நூலகத் தரவுத்தளத்தில்தான் படித்தீர்கள் என்றால் லிங்க்கே வேண்டாம், அச்சு இதழைப் போலப் பக்க எண்ணோடு முடித்துவிடலாம். யாரும் திறக்கக்கூடிய தளத்தில் இருந்தால் மட்டும் அந்த முகவரி.

வெளிவந்த கட்டுரை மாறாது, அதற்குப் பார்த்த தேதி தேவையில்லை. ஆத்தங்குடி ஓடு விற்பவரின் விலைப்பக்கத்தைக் காட்டுகிறீர்களா? விலை மாறினால் பழையது அந்தப் பக்கத்தில் இருக்காது. அங்கே தேதி வேண்டும், அதுவும் முகவரிக்கு முன்னால்:

```
Retrieved March 3, 2025, from https://...
```

எம்எல்ஏ மேற்கோள் முறையில் இதே தேதி முகவரிக்குப் பின்னால் போகும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.