“உரிமை வேண்டாம்” என்று கையெழுத்துப் போட்ட பிறகு

கேள்வி: அப்பா 2021 இல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் அண்ணாவும் நானும்தான். புறக்கோட்டைக் கடையில் அப்பாவுக்கு நிறையக் கடன் இருந்தது, கடன்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். “உரிமை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடு, கடன் உன்னைத் தொடாது” என்றார் அண்ணா. எனக்கும் கடன் அட்டைப் பாக்கி இருந்ததால் அதையும் யோசித்து 2022 இல் கையெழுத்துப் போட்டேன். இப்போது அப்பா பேரில் உள்ள கொட்டாஞ்சேனை வீட்டை அண்ணா விற்கப் போகிறார், எனக்கு ஒரு சதமும் இல்லை என்கிறார். அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்க முடியுமா? எங்கள் குடும்பம் இந்திய வம்சாவளி, யாழ்ப்பாணம் அல்ல.

பதில்: அண்ணி பேசியது, தாலிக்கொடி அடகு போனது, அப்பாவை ஆஸ்பத்திரியில் யார் பார்த்தது என்பதெல்லாம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தின் முக்கால் பாகம். புதுக்கடை நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் அதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் எது? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், அப்பா கண் மூடிய அந்த நொடியே வீட்டில் பாதி உங்களுடையதாகிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாததால் பொதுச் சட்டப்படி பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. கைக்கு வந்துவிட்ட காணியை வேண்டாம் என்று சொல்வதும் கைமாற்றம்தான். காணியைக் கைமாற்ற 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி. சமாதான நீதவான் முன் போட்ட சத்தியக் கடதாசியில் “எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்” என்று நூறு தடவை எழுதியிருந்தாலும் காணி நகராது. நிர்வாகக் கடிதத்தை அண்ணாவுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் காகிதம் கொடுத்திருந்தால் அதுவும் அப்படித்தான். அது சொத்தை நிர்வகிக்கச் சம்மதம், சொத்தைக் கொடுத்துவிட்டதாக அர்த்தமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு “அப்போதே விட்டுக்கொடுத்துவிட்டேனே” என்று அழுதவர்கள் பல பேர் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அதனால் நாளைக்கே அப்பாவின் பழைய உறுதியை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுங்கள். உங்கள் பேரிலிருந்து அண்ணாவுக்கு உறுதி ஒன்றும் பதிவாகவில்லை, நொத்தாரிசிடம் போன ஞாபகமும் இல்லை என்றால், வாபஸ் வாங்க எதுவுமே இல்லை. பாதி இன்னும் உங்களுடையது.

நன்கொடை உறுதி இருக்கிறது என்றால் கதை வேறு. அண்ணா அதை ஏற்றுக் கையெழுத்திட்டாரா என்று முதலில் பாருங்கள். ஏற்காத நன்கொடை நிற்காது. ஏற்றிருந்தால், மீட்க முடியாத நன்கொடையை மீட்கும் வழி பாரிய நன்றிகேடு மட்டும்தான். அதற்கும் 2017 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளை வாங்க வேண்டும். கை நீட்டுவது, உயிருக்கு ஆபத்து விளைவிப்பது போன்றதுதான் பாரிய நன்றிகேடு. போன் எடுக்காதது நன்றிகேடு இல்லை. ஏமாற்றி வாங்கினார் என்று சொன்னால், அது உங்களுக்குத் தெரிய வந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். “பேருக்குத்தான் எழுதினேன், உண்மையான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவைப் பிடிப்பதுதான் ஓரளவு உயிருள்ள வழி. ஆனால் உறுதி எழுதிய பிறகும் வீட்டில் இருந்தது, வரி கட்டியது, வாடகை வாங்கியது போன்ற சாட்சி அதற்கு வேண்டும்.

அந்த வழியில் உங்கள் காலை வாரப் போவது கடன் அட்டைப் பாக்கி பற்றி நீங்களே எழுதிய வாக்கியம்தான். தன் கடன்காரர் கைவைத்துவிடுவார்கள் என்று பங்கைத் தங்கச்சி பேரில் இனாமாக எழுதிய ஒரு வியாபாரி என்னிடம் வந்தார். கடன்காரர் வழக்குப் போட்டார், நன்கொடை ரத்தாகி அந்தப் பங்கு ஏலத்துக்குப் போனது. தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை, இனாமாக வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்னொருவரின் கடன்காரர் வழக்கே போடவில்லை. நிலைமை சரியான பிறகு அவரே உறுதியை உடைக்கப் பார்த்தார். “ஏன் எழுதினீர்கள்?” என்ற குறுக்குக் கேள்விக்கு “கடனிலிருந்து தப்ப” என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. கடன்காரரை ஏய்க்க எழுதியவர் தன் ஏய்ப்பையே காட்டி நீதிமன்றத்தில் பொதுவாக உதவி கேட்க முடியாது. சாட்சிக் கூண்டில் உங்களிடமும் அதே கேள்வி வரும். பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், உண்மையும் உங்களுக்கு உதவாது.

அப்பாவின் கடனுக்கு இந்தக் கையெழுத்தே தேவைப்பட்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். பிணையாளியாகக் கையெழுத்துப் போடாத பிள்ளை, தனக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் தகப்பன் கடனுக்குப் பொறுப்பு. பிணை நின்றிருந்தால் எந்த மறுப்புக் காகிதமும் காப்பாற்றாது.

காகிதம் வெறும் சத்தியக் கடதாசி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஆபத்து மௌனத்தில் இருக்கிறது. அந்தக் கடதாசியைக் காட்டி அண்ணா ஒருவருக்கு விற்கிறார், உங்களுக்குத் தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள், வாங்கியவர் காசைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பங்கு கேட்டால், “உரிமை இல்லை என்று எழுதிக்கொடுத்து என்னை நம்ப வைத்தவர் இவர்தானே” என்று அவர் உங்கள் வாயை அடைக்கப் பார்ப்பார். எனவே விற்பனைக்கு முன்பே அண்ணாவுக்கும், தெரிந்தால் வாங்குபவருக்கும் சட்டத்தரணி மூலம் கடிதம் போக வேண்டும். வழக்கு வைத்தால் அதை அதே நாளில் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும்.

ஆனாலும் வழக்கு வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பங்கு திரும்பி வந்தால் கடனும் அதோடு வரும். வீடு 4 கோடி பெறும், அண்ணா அப்பாவின் கடனில் 90 இலட்சம் கட்டியிருக்கிறார், அதற்குப் பற்றுச்சீட்டும் இருக்கிறது என்று வைப்போம். அதைக் கழித்தால் 3 கோடி 10 இலட்சம், உங்கள் பங்கு 1 கோடி 55 இலட்சம். 2 கோடி இல்லை. பாகப்பிரிவினை வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று புதுக்கடைப் படிக்கட்டில் நிற்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கில் அண்ணா 1 கோடி 20 இலட்சத்துக்கு இறங்கினால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையை நீட்டி வாங்குவேன்.

அவர் இறங்குவார். அப்பா பேரிலுள்ள வீட்டை வாங்குபவரின் சட்டத்தரணி உறுதி வரலாற்றைப் பார்க்கும்போது “மகள் எங்கே?” என்று கேட்பார். வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்தால் வங்கியும் கேட்கும். சத்தியக் கடதாசியோடு அவர்கள் திருப்திப்பட மாட்டார்கள், உறுதியில் உங்கள் கையெழுத்து கேட்பார்கள். பேரம் பேச உங்களிடம் இருப்பது அந்தக் கையெழுத்துத்தான். அண்ணா நொத்தாரிசிடம் தனியாகக் கூப்பிட்டால் போகாதீர்கள், “பிறகு தருகிறேன்” என்றால் நம்பாதீர்கள். இருவரும் விற்பவர்களாக ஒரே உறுதியில் கையெழுத்திடுங்கள். உங்கள் தொகை தனிப் பே ஓடராக உங்கள் பேரில் மேசையில் இருந்த பிறகு பேனாவை எடுங்கள்.