ரெப்போ குறைஞ்சா நம்ம லோனுக்கு எப்ப வரும்? கேள்வி பதில்

அண்ணா, ஆர்பிஐ பேங்குகளுக்கு கடன் குடுக்குற வட்டி, அதான் ரெப்போ, பிப்ரவரி 2025ல 6.50ல இருந்தது ஜூன்ல 5.50 ஆயிடுச்சு. என் 2017 லோன் அசையவே இல்ல.

2017னா அனேகமா எம்சிஎல்ஆர் லோன். வீட்டுக்கடன ரெப்போ மாதிரி வெளி ரேட்டோட கட்டணும்னு பேங்குகளுக்கு ஆர்பிஐ கட்டாயமாக்கினது 2019 அக்டோபர்லதான். எம்சிஎல்ஆர் பேங்குக்கு டெபாசிட் எவ்வளவுக்கு கிடைக்குதோ அத வச்சு போடுற ரேட்டு, அதனால முதல்ல புது டெபாசிட் வட்டி இறங்கணும், அப்புறம் எம்சிஎல்ஆர் இறங்கணும், அதுக்கப்புறமும் உங்க லோன் வட்டிய மாத்துற ரீசெட் தேதி வரணும், அது பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருக்கா. ஜனவரி ரீசெட்னா பிப்ரவரில குறைஞ்சது அடுத்த ஜனவரிலதான் உங்ககிட்ட வரும். சாங்ஷன் லெட்டர எடுத்து, லோன எந்த ரேட்டோட கட்டியிருக்காங்கன்னு சொல்ற பெஞ்ச்மார்க், ரீசெட் ரெண்டு வரியையும் பாருங்க, ரெப்போ லோனுக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுங்க.

30 லட்சம், 20 வருஷம், இப்பதான் எடுத்தேன். 8.5 இருந்தது 7.5 ஆச்சுன்றாங்க, இஎம்ஐ அதே 26,035 போகுது. ஏமாத்துறாங்களா சார்?

இல்லம்மா, மாசத்த குறைச்சிருப்பாங்க. அதே 26,035 கட்டினா 240 மாசம் 205 ஆகுது. இஎம்ஐய குறைச்சா 24,168 வரும், கையில 1,867 நிக்கும், ஆனா 240 மாசமும் கட்டணும், மொத்தத்துல கிட்டத்தட்ட 4.8 லட்சம் கூடப் போகும். முடிஞ்சா இஎம்ஐய தொடாதீங்க. ஸ்டேட்மெண்ட்ல மீதி மாசம் குறைஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க, குறையலன்னா அன்னிக்கே பிராஞ்சுக்கு போங்க.

ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனி லோன் எனக்கு.

அந்த 2019 விதி பேங்குக்கு மட்டும். உங்களுக்கு கம்பெனி வச்ச ரேட்டுதான்.

எஃப்டி வட்டிய உடனே வெட்டுறாங்க, லோன மட்டும் இழுக்குறாங்க. பேங்குக்கு ரெண்டு பக்கமும் லாபம்.

பாதி சரி. புது எஃப்டிக்குதான் வெட்டு, 2024ல 7.25ல போட்டவருக்கு முதிர்வு வரை 7.25தான். ரெப்போ லோன் மூணு மாசத்துக்குள்ள இறங்கியாகணும். வரவு உடனே குறையுது, பழைய டெபாசிட் செலவு குறையல, அதனால வெட்டு நேரத்துல ரெண்டு வட்டிக்கும் நடுவுல பேங்குக்கு நிக்கிற மார்ஜின்தான் முதல்ல அடிவாங்கும்.

அப்ப சேவிங்ஸ் கணக்கு? அத எந்த முதிர்வும் காப்பாத்தாதே? என் அப்பா பென்ஷன் முழுக்க அங்கதான்.

நியாயமான கேள்வி, அங்க நீங்க சொல்றதுதான் சரி, பேங்கு நினைச்ச அன்னிக்கு குறைக்கலாம். ஆனா எஃப்டி ரெப்போ அளவுக்கே இறங்கும்னு நினைக்காதீங்க, டெபாசிட்டுக்கு பேங்குகள் போட்டி போடுற நேரத்துல ரெப்போ இறங்கினாலும் எஃப்டி ரேட்டு இறங்க யோசிக்கும்.

இழுக்கறது இழுக்கறதுதான் சார், நான் ஒத்துக்க மாட்டேன்.

எம்சிஎல்ஆர் லோன்ல நானும் உங்க பக்கம்தான்.

என் லோன் 2016, ரேட் குறையல, ஏன்?

முதல் பதில படிங்க. சாங்ஷன் லெட்டர் பாக்காம யாரும் இனிமே இந்த கேள்விய கேக்காதீங்க.

பக்கத்து வீட்டுக்காரர் அதே பேங்குல என்னை விட கம்மியா வாங்கியிருக்கார், ரெண்டு பேருக்கும் ரெப்போ லோன்தான்.

ரெப்போவுக்கு மேல பேங்கு சேர்க்குற ஸ்ப்ரெட் வேறயா இருக்கும். ரெப்போ குறைஞ்சா ரெண்டு பேருக்கும் சமமா இறங்கும், மேல ஒட்டின ஸ்ப்ரெட் மட்டும் அவங்கவங்க கையெழுத்து போட்ட அன்னிக்கு இருந்தது. புது ஆளுக்கு பேங்கு கம்மி ஸ்ப்ரெட் குடுத்தா அது தானா உங்களுக்கு வராது. கேளுங்க, குடுக்கலன்னா வேற பேங்குக்கு மாத்துங்க, ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன முன்னாடியே அடைச்சா தனி ஆளுக்கு அபராதம் கிடையாது.