மழுங்கிய ஆயில் டிரெயின் பிளக்கைக் கழற்ற

"17 எம்எம் டிரெயின் பிளக், ரிங் ஸ்பேனர் வழுக்கி வழுக்கித் தலை உருண்டையாகிவிட்டது. அடுத்து என்ன செய்வது?"

முதலில் அந்த ஸ்பேனரைத் தூர வையுங்கள். பன்னிரண்டு முனை ஸ்பேனர் மூலைகளை மட்டுமே கடிக்கும், உங்கள் பிளக்கில் இப்போது அந்த மூலைகள்தானே இல்லை.

16 எம்எம் ஆறு முனை சாக்கெட் ஒன்று எடுங்கள், இம்பாக்ட் வகையாக இருந்தால் நல்லது, ஏனென்றால் பளபள குரோம் சாக்கெட் சுத்தியல் அடிபட்டால் சில்லாகத் தெறிக்கலாம் (எப்படியும் கண்ணாடி போடுங்கள்). தலையைத் துடைத்து, சாக்கெட்டை நேராக வைத்து, சிறு சுத்தியலால் அளவாகத் தட்டுங்கள். அலுமினிய ஆயில் பேன் என்றால் இன்னும் மெதுவாக, ஓங்கி அடித்தால் விரிசல் விழும். தட்டும் சத்தம் மந்தமாக இருந்து கெட்டியாக மாறினால் சாக்கெட் அடிவரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். தட்டலின் அதிர்விலேயே மரையும் கொஞ்சம் இளகும்.

அப்புறம் நீளக் கைப்பிடி மாட்டி, கீழிருந்து பார்க்கையில் இடப்பக்கமாக, வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்துங்கள். சாக்கெட் நழுவுவது தெரிந்தால் உடனே நிறுத்தி மறுபடி தட்டி இறக்குங்கள்.

என் வண்டியில் நாலாவது தட்டலுக்குப் பிறகு 'டக்' என்று விட்டது. சாக்கெட்டுக்குள் சிக்கிய பிளக்கைப் பின்பக்கச் சதுரத் துளை வழியாக ஒரு கம்பி விட்டுத் தட்டி எடுத்தேன். பழசைத் திரும்பப் போடாதீர்கள், புது பிளக், புது வாஷர்.