அம்மா பதில் சொல்ல இடம் விடுங்கள்

"அண்ணா, சிங்கப்பூர் வந்து நாலு மாசம் ஆச்சு. இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினா அம்மாவும் அழுவாங்க, நானும் அழுதுடுவேன். வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பினா போதுமா? நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

தம்பி, போனும் பண்ணுங்கள், வாய்ஸ் மெசேஜும் அனுப்புங்கள். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. எனக்கு அது புரிந்தது 2018 தீபாவளி ராத்திரி. அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. இங்கே பொது விடுமுறைதான், ஆனால் அன்றைக்கு வேலை பார்த்தால் கூடுதலாக ஒரு நாள் சம்பளம் உண்டு என்பதால் நான் சைட்டுக்குப் போய்விட்டேன். லாரியில் துவாஸ் டார்மிட்டரிக்குத் திரும்பும்போது மணி எட்டரை. 1972-இலிருந்தே இங்கே பட்டாசுக்குத் தடை. அந்த அமைதியில் தீபாவளி என்றே தோன்றவில்லை. குளிக்க வரிசை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். போகவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், அப்போதும் போகவில்லை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அப்பா இல்லை, அம்மா தனியாகத்தான் இருந்தார். நமக்கு அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால், அதாவது அப்போது ஊரில் ஆறு மணி, விளக்கேற்றும் நேரம். அந்த வருஷம் பட்டாசு வெடிக்க சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரைதான் என்று தமிழக அரசு நேரம் குறித்திருந்தது. வெடி ஆரம்பித்துவிட்டால் போனில் ஒன்றும் கேட்காது. அதற்குள் ஏதாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பட்டனை அழுத்திப் பேசினேன்.

"அம்மா, நான்தான். சாப்ட்டியா? எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியா? முட்டி வலி எப்படி இருக்கு? அதிரசம் சுட்டியா, இல்ல நான் இல்லைன்னு விட்டுட்டியா? நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டேன்மா..." சட்டை போட்டது பொய். ஒன்றே முக்கால் நிமிஷம், மூச்சு விடாமல். குரல் உடைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடினேன்.

அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது.

இதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிக் என்றால் செய்தி நம் போனை விட்டுப் போயிருக்கிறது, அம்மாவின் போனுக்குப் போய்ச் சேரவில்லை. கூப்பிடும்போதும் திரையில் Ringing என்று வராமல் Calling என்றே நின்றால் பெரும்பாலும் அதே கதைதான், அந்தப் பக்கம் நெட் இல்லை. நான் முதலில் பயந்துதான் போனேன். அப்புறம்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அக்டோபர் 9 ரீசார்ஜ், 28 நாள் பேக். முந்தின நாள் நவம்பர் 5 ராத்திரியோடு அது முடிந்திருந்தது. மாதம் ஒருமுறை என்று மனதில் வைத்திருந்தேன், ஆனால் 28 நாள் என்பது ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பண்டிகை நாளில் பிள்ளை போன் பண்ணவில்லை என்று அம்மா உட்கார்ந்திருப்பார், காரணம் இங்கே என் கணக்கில் இருந்தது.

ஊர் மளிகைக்கடை அண்ணனைப் பிடித்து ரீசார்ஜ் போடச் சொல்வதற்குள் இங்கே பத்து மணி ஆகிவிட்டது. இரண்டு டிக் விழுந்தது. கூப்பிட்டேன், ரிங் போனது, எடுக்கவில்லை. ஊரில் ஏழரை, வெடி உச்சத்தில் இருக்கும் நேரம். சரி, கேட்கவில்லை போலும் என்று விட்டுவிட்டு மெசேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்ஸ் மெசேஜில் சின்னதாக ஒரு மைக் படம் இருக்கும், கேட்டுவிட்டால் நீலமாகும். அறையில் பன்னிரண்டு பேர், எல்லோரும் தூங்கியாகிவிட்டது. ராத்திரி 12.40-க்கு அது நீலமானது. கீழே படுத்திருந்தவரை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்தப் பக்கம் நடந்ததை அடுத்த வீட்டுப் பெண் மறுநாள் சொன்னாள், பத்தாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அம்மா போனைக் காதோடு வைத்துக் கேட்டிருக்கிறார். காதில் வைத்தால் சத்தம் ஸ்பீக்கரில் வராது, சாதாரண அழைப்பு மாதிரி மேலே உள்ள சின்ன ஓட்டையில்தான் வரும். "குரல் இவ்வளவு சன்னமா வருதே, புள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்திருக்கிறார். அவள் போனை வாங்கித் திண்ணையில் வைத்து மறுபடி ஓட விட்டிருக்கிறாள்.

"சாப்ட்டியா?" என்று என் குரல் கேட்டதும் அம்மா, "சாப்ட்டேன்டா, நீ சாப்ட்டியா?" என்றிருக்கிறார். அதற்குள் நான் முட்டி வலிக்குப் போய்விட்டேன். "இவன் ஏன் நான் சொல்றதைக் கேக்காமப் போறான்" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாராம். அது பதிவு செய்தது என்று விளக்கிய பிறகும் மூன்று முறை போடச் சொல்லி மூன்று முறையும் பதில் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, ஒரு கேள்வி கேட்டால் நாலு விநாடி சும்மா இருங்கள். அந்த நாலு விநாடி அம்மாவுக்கு. மைக் பட்டனை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம், நிதானமாகப் பேசலாம். வெடிச் சத்தத்துக்கு முன்னால், மத்தியானமே அனுப்பிவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அதுதான் வாய்ஸ் மெசேஜில் உள்ள வசதி. தானாக அழியும் அமைப்பு அந்தச் சாட்டில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பத்தே நாளில் கஜா புயல் வந்தது. நவம்பர் 16 விடிகாலை. எங்கள் தோப்பில் நின்ற தென்னை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஐந்து நாள் அம்மா இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. ஆறாம் நாள் யாரோ ஒருவர் பட்டுக்கோட்டையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

மறு வருஷம் லீவில் போனபோதுதான் தெரிந்தது. கடையில் ஜெனரேட்டர் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். சிக்னலே இல்லாத போனுக்கு அம்மா தினமும் போய்ச் சார்ஜ் போட்டிருக்கிறார். போனில் இறங்கிவிட்ட மெசேஜுக்கு நெட் வேண்டியதில்லையே. ராத்திரி இருட்டில் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சாயங்காலம் அதைப் போட்டுக் காட்டினார். "சாப்ட்டியா?" "ம்." "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியா?" "ஆச்சு." "முட்டி வலி எப்படி இருக்கு?" "கெடக்கு." நான் இடமே விடாத இடத்தில், என் வேகத்துக்குப் பழகி, ஒன்றையும் விடாமல் பதில் சொன்னார். அதிரசத்துக்கு வந்தபோது மட்டும் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சுட்டேன்டா" என்றார்.